டைரக்டிவா, பார்ட்டிசிபேட்டிவா: பாத்-கோல் கேள்விகளில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: எம்.பி.ஏ. படிக்கிறேன். ஒரு ஊழியரையும் அவருடைய வேலையையும் பற்றி நாலு வரி கொடுத்து, இலக்கை அடையும் வழியில் ஊழியருக்குத் தலைவர் உதவ வேண்டும் என்னும் பாத்-கோல் கோட்பாட்டின்படி எந்தத் தலைமைப் பாணி பொருந்தும் என்று கேட்கிறார்கள். வேலை தெளிவில்லாமல் இருந்தால், மேலாளரே வழி சொல்லும் டைரக்டிவ் என்று ஒரு இடத்தில் இருக்கிறது, ஊழியரைக் கலந்து முடிவெடுக்கும் பார்ட்டிசிபேட்டிவ் என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்:

நீங்கள் படித்த இரண்டுமே சரிதான். வேலையை மட்டும் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஆளைப் பார்த்த பிறகுதான் பிரியும்.

இந்தக் கோட்பாடு எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1950களில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தலைவர்களின் நடத்தையை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். வேலையை வரையறுத்து, இப்படிச் செய் என்று ஒழுங்குபடுத்துவது ஒன்று; ஆட்கள் மீது அக்கறை காட்டுவது இன்னொன்று. முதல் வகையில் முடிவுகள் முரண்பட்டன. உயர்நிலைப் பணியாளர்களிடம் வேலையை வரையறுத்துக் கொடுத்தால் திருப்தி கூடியது. அதையே உற்பத்திப் பிரிவுத் தொழிலாளர்களிடம் செய்தால் அதிருப்தியும் புகாரும் கூடின. பாத்-கோல் கோட்பாட்டை முன்வைத்து ராபர்ட் ஹவுஸ் 1971இல் எழுதிய கட்டுரை இந்த முரண்பாட்டை விளக்கத்தான் முயன்றது. மேல்நிலை வேலைகளில் எதை எப்படிச் செய்வது என்பது பெரும்பாலும் தெளிவாக இருக்காது. அங்கே மேலாளர் தரும் தெளிவு உதவி. உற்பத்தி வரிசையில் எல்லாம் ஏற்கெனவே தெளிவு. அங்கே அதே தெளிவு தொந்தரவு. 1974இல் டெரன்ஸ் மிட்செலுடன் சேர்ந்து எழுதியபோதுதான் டைரக்டிவ், பார்ட்டிசிபேட்டிவ், சப்போர்ட்டிவ், அச்சீவ்மென்ட்-ஓரியன்டட் என்று நீங்கள் படிக்கும் நான்கு பாணிகளும் முழுதாக வந்தன.

அதனால் எந்த விவரிப்பைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உழைப்பிலிருந்து பலனுக்குப் போகும் வழியில் இந்த ஆளுக்கு எது குறைகிறது? மேலாளர் நிரப்ப வேண்டியது அந்தக் குறையைத்தான். வேலையோ, கம்பெனி விதிகளோ, கூட வேலை செய்பவர்களோ ஏற்கெனவே கொடுப்பதை மேலாளரும் கொடுத்தால் வீண். சில சமயம் எரிச்சலும்கூட.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் துறையில் பல வருடம் இருந்தவன். அங்கே இருக்கும் ஆட்களை வைத்தே சொல்கிறேன்.

பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிக்கும் ஒரு ஜூனியர் மெர்ச்சண்டைசரை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பை முடித்து நேராக வந்தவர். கம்பெனிக்குப் புதிதான ஒரு பையரிடமிருந்து குழந்தைகள் உடுப்புக்கு ஆர்டர். உடுப்பின் விவரங்களோடு பையர் அனுப்பும் டெக் பேக்கில் அளவு அட்டவணை இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு அளவும் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற டாலரன்ஸ் இல்லை. துணியின் எடை சதுர மீட்டருக்கு 180 கிராம் என்று போட்டிருக்கிறார்கள், துவைத்தால் எவ்வளவு சுருங்கலாம் என்பது இல்லை. அவர் மேலாளரிடம் வந்து, "சார், நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே பண்ணிடறேன். இந்தப் பையர் எப்படிப்பட்ட ஆளோ, நம்ம நேரம் எப்படி இருக்கோ" என்கிறார். வேலை தெளிவில்லை, அனுபவம் இல்லை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைவு, முடிவு தன் கையில் இல்லை என்ற எண்ணம், மேலே இருப்பவர் சொல்லட்டும் என்ற விருப்பம். ஐந்தும் டைரக்டிவ் பாணியையே காட்டுகின்றன.

அந்தப் பாணி நடைமுறையில் இப்படி இருக்கும்: "விட்டுப்போன இந்த ரெண்டையும் கேட்டு மதியத்துக்குள்ள பையருக்கு மெயில் போடுப்பா. பதில் வர்ற வரைக்கும் கட்டிங்குக்கு எதுவும் கொடுக்காதே. சாம்பிள் முடிஞ்சதும் எங்கிட்ட காட்டிட்டுத்தான் கூரியர்ல போடணும்." இதில் அதட்டல் எதுவும் இல்லை. எது எதிர்பார்க்கப்படுகிறது, எந்த வரிசையில், எந்த நேரத்துக்குள், எந்த அளவுகோலில் என்பது மட்டும்தான் இருக்கிறது. டைரக்டிவ் என்றால் கடுமை என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இப்போது அதே கம்பெனியின் சாம்பிள் பிரிவு. உடுப்பு வெட்டுவதற்கான மாதிரி வடிவங்களை வரையும் பேட்டர்ன் மாஸ்டர், பதினைந்து வருட அனுபவம். பையரிடமிருந்து வந்த கமென்ட் ஒரே வரி: கழுத்து சரியாக உட்காரவில்லை. இதுவும் தெளிவில்லாத வேலைதான். மேலே சொன்னதைவிடத் தெளிவில்லாதது. கழுத்துப்பட்டி ரிப்பின் நீளம் கூடியிருக்கலாம், தோள் சரிவு தப்பியிருக்கலாம், தைக்கும்போது ரிப்பைச் சமமாக இழுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் மாஸ்டர், "விடுங்க சார், பேட்டர்ன்ல என்ன தப்புன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்பவர். முடிவு தன் கையில்தான் என்று நம்புகிறார், அதற்கான திறமையும் இருக்கிறது. இவரிடம் போய் ரிப்பை இத்தனை சென்டிமீட்டர் குறை என்று சொன்னால், தன் வேலையில் மூக்கை நுழைப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். "மாஸ்டர், எதை முதல்ல மாத்திப் பார்க்கலாம்னு நினைக்கிறீங்க? பையருக்கு என்ன பதில் எழுதலாம்?" என்று கேட்டு, அவர் சொல்வதை முடிவில் சேர்த்துக்கொள்வதுதான் பார்ட்டிசிபேட்டிவ்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பாணிகளும் செய்வது ஒரே வேலை, தெளிவின்மையைக் குறைப்பது. டைரக்டிவில் தெளிவு மேலாளரிடமிருந்து வருகிறது. பார்ட்டிசிபேட்டிவில் கலந்து பேசும்போதே எந்த இலக்கு, எந்த வழி என்பது ஊழியருக்குப் பிடிபடுகிறது. அந்த இலக்கைத் தேர்ந்ததில் தனக்கும் பங்கு இருப்பதால் விடாமல் உழைக்கிறார். அதனால்தான் பாடநூல் இரண்டையும் தெளிவில்லாத வேலைக்குப் போடுகிறது. பிரித்துக் காட்டுவது மூன்று விஷயங்கள்: தன் திறமையை அவர் எப்படி மதிப்பிடுகிறார், நடப்பது தன் கையில் என்கிறாரா விதி என்கிறாரா, அதிகாரத்தை எதிர்பார்க்கிறாரா சுதந்திரத்தையா. உங்கள் நாலு வரிகளில் இவற்றில் ஒன்றாவது ஒளிந்திருக்கும்.

இவை ஒன்றோடொன்று மோதினால்? புதியவர், ஆனால் "எல்லாம் என்னால் முடியும்" என்பவர். இதற்குக் கோட்பாடு முன்னுரிமை எதுவும் சொல்லவில்லை. நானாக இருந்தால் திறமைக்கு முதலிடம் கொடுத்து, டைரக்டிவில் தொடங்கி, கை பழகப் பழகப் பார்ட்டிசிபேட்டிவுக்கு மாற்றுவேன். ஒரே தலைவர் பாணியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஹவுஸ் எடுத்துக்கொள்வதால் அப்படி எழுதுவதில் தவறில்லை. இன்னொரு தலைமை ஆய்வாளரான ஃபீட்லரின் கோட்பாட்டில் இதை எழுத முடியாது; அங்கே தலைவரின் பாணி கிட்டத்தட்ட நிலையானது.

அக்கறையும் ஆதரவும் காட்டும் சப்போர்ட்டிவ் எளிது. செக்கிங் மேஜையில் நாள் முழுக்க நின்று, ஒவ்வொரு டி-ஷர்ட்டாக விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து, கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் பெண்ணுக்கு வேலையைப் பற்றிச் சொல்லித்தர எதுவும் இல்லை. எது டேமேஜ், எது இல்லை என்பது சூப்பர்வைசரைவிட அவருக்குத் தெரியும். குறைவது வேலையிலேயே கிடைக்காத இதம். "அக்கா, கால் வலிச்சா கொஞ்சம் உக்காந்து பாருங்க" என்பதும், பையன் பரீட்சை எப்படி எழுதினான் என்று விசாரிப்பதும் இங்கே தலைமையின் வேலை. சலிப்பு, களைப்பு, மனஅழுத்தம், ஆபத்து, ஒரே மாதிரி என்ற சொற்கள் விவரிப்பில் வந்தால் இந்தப் பக்கம் பாருங்கள்.

மாணவர்கள் அதிகம் வழுக்குவது நான்காவதில். விவரிப்பில் டார்கெட் என்ற சொல் வந்தாலே அச்சீவ்மென்ட்-ஓரியன்டட் என்று எழுதிவிடுகிறார்கள். தையல் லைனில் மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவது அச்சீவ்மென்ட் பாணி இல்லை. உயர்ந்த இலக்கு வைத்து, உன்னால் முடியும் என்று தலைவர் நம்பிக்கை காட்டும்போது, முயன்றால் பலன் கிடைக்கும் என்ற எண்ணம் ஊழியரிடம் கூடியது தெளிவில்லாத, திரும்பத் திரும்ப வராத வேலைகளில்தான். ஓரளவு தெளிவான, ஒரே மாதிரியான வேலைகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை என்பதை 1974 கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். காரணம் புரிகிறதல்லவா? ஓவர்லாக் மிஷினில் வேகமாகத் தைத்தால் பீஸ் கூடும் என்பது தைப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நம்பிக்கையைத் தலைவர் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அதே கம்பெனியில் சாயக்கழிவு நீரை இன்னும் குறைக்க வழி தேடும் கெமிக்கல் இன்ஜினியர், சவால் இல்லாவிட்டால் வேலையே பிடிக்காது என்பவர் என்றால், அவருக்கு இந்தப் பாணி சரி. சாதிக்கும் வேட்கை, திறமை, சவாலான புது வேலை மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பொருத்தங்கள் கேட்கத் தர்க்கமாக இருக்கும் அளவுக்கு ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. 1993இல் வோஃபோர்டும் லிஸ்காவும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆதரவு கலவையாகத்தான் இருந்தது. ஹவுஸே 1996இல் கோட்பாட்டைத் திருத்தி, நடத்தை வகைகளை விரிவாக்கினார். மதிப்பீடு செய்க என்று கேட்டால் இதை எழுதுங்கள். பொருத்துக என்று கேட்டால் வேண்டாம்.

தேர்வில் எழுதும்போது பாணியின் பெயரோடு நிறுத்தாமல் காரணத்தை இப்படி இரண்டு வரியில் கட்டிவிடுங்கள்: "வேலை தெளிவில்லாதது, ஊழியர் அனுபவமுள்ளவர், முடிவு தன் கையில் என நம்புபவர். அவருக்குக் குறைவது தெளிவு. ஆனால் அதை உத்தரவாகக் கொடுத்தால் கட்டுப்பாடாக உணர்வார். எனவே பார்ட்டிசிபேட்டிவ்." சில வினாக்களில் வேலையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு ஆளைப் பற்றி ஒன்றுமே இருக்காது. அப்போது ஊகித்து ஒன்றை எழுதாமல், ஊழியர் புதியவர் என்றால் டைரக்டிவ், அனுபவசாலி என்றால் பார்ட்டிசிபேட்டிவ் என்று நிபந்தனையோடு இரண்டையும் எழுதுங்கள். கோட்பாட்டின்படியும் அதுதான் சரியான விடை.