10 ஜிபிபிஎஸ் கேபிளில் ஏன் மெதுவாக மின்னேறுகிறது?

உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னுடைய போனில் 5000 மில்லியம்பியர் பற்றரி. 25 வாற் சார்ஜரோடு வந்த வயரில் ஒன்றரை மணித்தியாலத்தில் நிறைந்துவிடும். அதன் இரண்டு முனையும் சின்ன டைப் சீ. அது அறுந்துபோனதால் திருகோணமலை டவுனில் இரண்டு மீற்றர் வயர் ஒன்று வாங்கினேன். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி. பெட்டியில் 10 ஜிபிபிஎஸ் என்று போட்டிருக்கிறது, விலையும் கூட. சார்ஜரில் இரண்டு ஓட்டை இருப்பதால் அகலமானதில் கொழுவுகிறேன். மூன்றரை மணித்தியாலம் எடுக்கிறது. வயர் போலியா? மனைவியின் 65 வாற் லப்டொப்புக்கும் சேர்த்து ஒரே வயர் வாங்கலாமா?"

நீங்கள் தரும் விபரங்களை வைத்துப் பார்த்தால், தாமதத்துக்கு முதற் காரணம் கேபிளின் தரத்தைவிட அதன் அகன்ற முனைதான். பெட்டியில் உள்ள 10 ஜிபிபிஎஸ் என்ற எண் தரவு எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதை மட்டும் கூறுகிறது; மின்னேற்றத்தைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

கேபிளின் உறைக்குள் இரண்டு வகைக் கம்பிகள் உள்ளன. மின்சாரம் ஒரு நேர்க்கம்பி வழியே சென்று ஒரு புவிக்கம்பி வழியே திரும்புகிறது. தரவு அவற்றுக்குப் புறம்பான மெல்லிய சோடிக் கம்பிகளில் ஓடுகிறது. 480 எம்பிபிஎஸ் கேபிளில் அத்தகைய சோடி ஒன்று போதும். 10 ஜிபிபிஎஸ் கேபிளில் கவசமிட்ட சோடிகள் மேலும் சேர்க்கப்படுவதால் கேபிள் தடிப்பாகிறது, விலையும் கூடுகிறது. ஆனால் அந்தத் தடிப்பு முழுவதும் தரவுக்கானதாக இருக்கலாம். மின்சாரம் செல்லும் செப்புக்கம்பி மலிவான கேபிளில் உள்ள அதே அளவாகவே இருக்கக்கூடும். கேபிளை விரலால் அழுத்திப் பார்த்து, தடிப்பானது வேகமாக மின்னேற்றும் என்று முடிவு செய்வது இதனால்தான் பிழைத்துப்போகிறது.

இனி முனைக்கு வருவோம். இரு முனையும் டைப் சீ ஆக உள்ள கேபிளில் சார்ஜரும் தொலைபேசியும் பேசிக்கொள்வதற்கென்று தனிக் கம்பி ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் தொலைபேசி 9 வோல்ற் கேட்கிறது, சார்ஜர் அதைத் தருகிறது. உங்கள் 25 வாற் அப்படிக் கிடைத்தது. அகன்ற முனையில் அந்தக் கம்பிக்கு இடமே இல்லை. எனவே தொலைபேசி வேறொரு பழைய முறையை நாடுகிறது: சார்ஜருக்குள் தரவுக் கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளனவா என்று சோதித்து, இணைந்திருந்தால் அதைச் சுவர்ச் சார்ஜர் என்று கருதி 5 வோல்ற்றில் 1.5 ஆம்பியர் வரை எடுக்கிறது. அவ்வாறு இல்லையெனில் கணினியின் துவாரம் என்று எண்ணி 0.5 ஆம்பியருடன் அடங்கிவிடுகிறது. தரவுக் கம்பியே இல்லாமல் விற்கப்படும் 'சார்ஜிங் மட்டும்' கேபிள்கள் பல இரவு முழுவதும் இழுப்பதற்கும் இதுவே காரணம். (சில தயாரிப்பாளர்கள் தமது சொந்த முறையில் அகன்ற முனை வழியாகவும் அதிக வாற் தருகின்றனர், ஆனால் அதற்கு அவர்களது சார்ஜர், கேபிள், தொலைபேசி மூன்றும் ஒருங்கே வேண்டும்.)

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது பொருந்துகிறது. உங்கள் பற்றரி ஏறத்தாழ 19 வாற்மணி சக்தியைக் கொள்ளும். அது மூன்றரை மணித்தியாலத்தில் நிறைகிறது என்றால், மாற்றத்தில் வெப்பமாக இழக்கப்படுவதையும் சேர்த்து, தொலைபேசிக்குள் சராசரியாக 6 முதல் 7 வாற் வரை செல்கிறது. சார்ஜரிலிருந்து வெளியேறுவது 5 வோல்ற், 1.5 ஆம்பியர், அதாவது 7.5 வாற். மீதி கேபிளில் கரைகிறது.

எவ்வளவு கரைகிறது என்பதைச் செப்புக்கம்பியின் பருமனும் நீளமுமே தீர்மானிக்கின்றன. பருமனை 24 ஏ.டபிள்யூ.ஜி, 28 ஏ.டபிள்யூ.ஜி என்று கேபிளின் உறையில் சிறிய எழுத்தில் அச்சிடுவார்கள். எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 24ஆம் எண் கம்பியின் தடை மீற்றருக்கு 0.084 ஓம், 28ஆம் எண் கம்பியினுடையது 0.21 ஓம். உங்கள் கேபிள் இரண்டு மீற்றர் ஆதலால் மின்சாரம் போய்வரும் தூரம் நான்கு மீற்றர். கம்பி 24ஆம் எண்ணாக இருந்தால் 1.5 ஆம்பியரில் அரை வோல்ற் இழக்கப்பட்டு, தொலைபேசிக்கு 4.5 வோல்ற் கிடைக்கும். அது நாம் கணித்த 6.7 வாற் அளவே. 28ஆம் எண்ணாக இருந்திருந்தால் 1.3 வோல்ற் இழக்கப்பட்டிருக்கும். வோல்ற்றளவு அவ்வளவு தாழ்வதைத் தொலைபேசி பொறுக்காது. தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது உள்ளே செல்வது 3 வாற் அளவாகி, உங்கள் காத்திருப்பு ஏழு மணித்தியாலத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே உங்கள் கேபிளின் மின்கம்பி அத்தனை மோசமானதல்ல என்றே ஊகிக்கிறேன். 10 ஜிபிபிஎஸ் என்ற உரிமைகோரலைத்தான் நான் சந்தேகிப்பேன். அந்த வேகத்துக்குரிய சாதாரண கேபிள்கள் பெரும்பாலும் ஒரு மீற்றரளவிலேயே நின்றுவிடுகின்றன, இரண்டு மீற்றரில் சமிக்ஞை நலிந்துவிடும்.

இதை உறுதிப்படுத்த, இரு முனையும் டைப் சீ ஆக உள்ள கேபிள் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, அதே சார்ஜரின் சிறிய துவாரத்தில் கொழுவிப் பாருங்கள். பற்றரி பாதிக்குக் கீழே இருக்கும்போது சோதிப்பது அவசியம். நிறையும் தறுவாயில் எந்தக் கேபிளிலும் மின்னோட்டம் குறையும். பங்குனி, சித்திரை நண்பகலில் யன்னலோரத்தில் வைத்தும் சோதிக்க வேண்டாம், சூடேறிய தொலைபேசி தானாகவே வேகத்தைக் குறைக்கும். யூ.எஸ்.பி மீற்றர் ஒன்று கிடைத்தால் அதைத் தொலைபேசி இருக்கும் முனையில் இணையுங்கள். பலர் சார்ஜரின் பக்கத்தில் இணைத்துவிட்டு 5 வோல்ற் சரியாகக் காட்டுகிறது என்கிறார்கள். இழப்பு நிகழ்வது அதற்கு அப்பால் உள்ள கேபிளில் அல்லவா?

மடிக்கணினிக்கும் சேர்த்து ஒரே கேபிள் வாங்கலாம். இரு முனையும் டைப் சீ ஆன, தரநியமப்படி செய்யப்பட்ட எந்தக் கேபிளும் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ற்றில் அது 60 வாற். உங்கள் மனைவியின் சார்ஜர் 65 வாற்றைத் தருவதற்கு 3.25 ஆம்பியர் அனுப்ப வேண்டும். 3 ஆம்பியருக்கு மேல் அனுப்புமுன் சார்ஜர், கேபிளின் முனைக்குள் உள்ள அடையாளச் சில்லைப் படித்து அது 5 ஆம்பியர் தாங்குமா என்று பார்க்கும். சில்லு இல்லையெனில் 60 வாற்றுடன் நிறுத்திவிடும். மடிக்கணினி இயங்கும், சற்று மெதுவாக நிறையும், ஆபத்து எதுவுமில்லை. 5 வாற் வித்தியாசத்துக்காக அதிக பணம் கொடுப்பது வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் பின்னர் 100 வாற் சார்ஜர் வாங்கும் உத்தேசமிருந்தால் இப்போதே 240 வாற் என்று அச்சிட்ட கேபிளை எடுங்கள்.

அந்த 240 வாற் கேபிளின் பெட்டியில் 480 எம்பிபிஎஸ் என்று இருந்தால் கடைக்காரர் அதைப் பழைய ரகம் என்று ஒதுக்கச் சொல்லக்கூடும். கேட்க வேண்டாம். அதிக மின்சாரத்துக்கெனச் செய்யப்படும் நீண்ட கேபிள்கள் பல வேண்டுமென்றே குறைந்த தரவு வேகத்துடன் வருகின்றன. அதனால் அவை வளைய இலகுவாகவும் விலை குறைவாகவும் உள்ளன. 10 ஜிபிபிஎஸ் உங்களுக்குப் பயன்படுவது வெளி வன்தட்டிலிருந்து பெரிய காணொளிகளை நகலெடுக்கும்போதுதான். 20 ஜிகாபைற் கோப்பு ஒன்று 480 எம்பிபிஎஸ் கேபிளில் ஒன்பது, பத்து நிமிடம் எடுக்கும். வேகமான கேபிளில், இரு பக்கக் கருவிகளும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால், ஒரு நிமிடத்துக்குள் முடியும். தொலைபேசிகள் பலவற்றின் துவாரமே 480 எம்பிபிஎஸ் உடன் நின்றுவிடுவதால், உங்களுடையதன் விபரக்குறிப்பில் யூ.எஸ்.பி 2.0 என்று இருந்தால், இப்போது வாங்கிய கேபிளின் வேகம் அதில் ஒருபோதும் வெளிப்படாது.