மாடு பின்னால நடக்குற படம்

அக்கா, வணக்கமுங்க. நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன், உங்க பொண்ணு அனுப்புன ஃபைலையும் பாத்துட்டேன். விஸ்காம் ரெண்டாவது வருசம் படிக்கிற புள்ள, நாலு மாசமா ரூமுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு அப்புச்சி தன் பழைய கதையைப் பேசி ரெக்கார்ட் பண்ணதையே திருப்பித் திருப்பிக் கேக்குது, அதை அனிமேஷன் டாக்குமெண்டரியா பண்ணோணும்னு தொள்ளாயிரம் படம் வரைஞ்சிருக்குது, ஆனா படம் ஒண்ணே கால் நிமிசம்தான் ஓடுது, இது ஒரு பொழப்பான்னு வீட்டுக்காரரு சத்தம் போடறாருன்னு எழுதியிருந்தீங்க. வெசனப்படாதீங்க. அவ சோம்பேறியும் இல்ல, கைவேலையும் மோசமில்ல. வேலையைத் தலைகீழா ஆரம்பிச்சுட்டா, அவ்வளவுதான்.

அந்த தொள்ளாயிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன். படம் ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடும், ஒரு படத்தை ரெண்டு ஃபிரேம் நிறுத்துனா செகண்டுக்கு 12 படம், அப்ப 75 செகண்டுக்கு 900. கணக்கு சரியாத்தான் இருக்குது. ஆனா அதுல நானூறு படத்துக்கு மேல இப்ப குப்பைக்குப் போகப்போகுது, ஏன்னா வரைஞ்சு முடிச்சப்புறம் அவ ஆடியோவை வெட்டி மாத்திட்டா. அப்புச்சி ஒரு வாக்கியத்தை இன்னும் நல்லா சொன்ன இடம் வேற ஒரு ரெக்கார்டிங்குல கெடைச்சுதாம், அதை எடுத்து ஒட்டுனா, எட்டு செகண்ட் குறைஞ்சு போச்சு, பின்னால இருக்கிற படமெல்லாம் பேச்சுக்குப் பொருந்தாம நகந்துக்கிச்சு. இந்த மாதிரி படத்துக்குக் குரல்தான் முதுகெலும்பு, எலும்பு உறுதியாகாம சதையை ஒட்டக்கூடாதுங்க.

அவகிட்ட இருக்கிறது ரெண்டு மணி பத்து நிமிசப் பேச்சு. மொதல்ல அதை முழுசா டைப் பண்ணோணும், ஒவ்வொரு பாராவுக்கும் எத்தனாவது நிமிசம்னு பக்கத்துல போட்டு. அலுப்புப் பிடிச்ச வேலைதான், ஒரு வாரம் போயிரும், ஆனா அந்தப் பேப்பரை பிரிண்ட் எடுத்து வேணுங்கிறதை பேனாவுல கோடு போட்டு கத்தரிச்சு வரிசை மாத்தி அடுக்குனாத்தான் கதை எதுன்னு கண்ணுக்குத் தெரியும். அப்புறம் அதே வரிசையில ஆடியோவை மட்டும் வெட்டி மூணு நிமிசமாக்கி, படமே இல்லாம, கதை தெரியாத ஒருத்தருக்கு கண்ணை மூடிக்கச் சொல்லிப் போட்டுக் காட்டோணும். எங்க அவங்களுக்குப் புரியலையோ அங்கதான் படத்துக்கு வேலை இருக்குது. எங்க தானாவே புரியுதோ அங்க படம் அதையே மறுபடி சொல்லக்கூடாது.

உங்க அய்யன் பேசுனதுல எனக்குப் பிடிச்ச எடம் ரெண்டு மாட்டைக் கட்டி கிணத்துத் தண்ணியை கவலையில இறைச்ச கதைதான். மூணு நிமிசத்துக்கு அது ஒண்ணு போதும், கல்யாணம், பஞ்சம், கட்சின்னு மீதியெல்லாம் வேற படத்துக்கு. அதுல "மோட்டார் மாட்டுன மறுவாரமே ரெண்டையும் கண்ணபுரம் சந்தையில வித்துப்போட்டு வந்தனுங்க"ன்னு சொல்லிட்டு ஒரு ஆறு செகண்ட் பேசாம இருக்காரு, அப்புறம் "மாடு கட்டுன தும்பை மட்டும் கையில கொண்டாந்தேன்"ங்கறாரு. பாப்பா அந்த ஆறு செகண்டை வேஸ்டுன்னு நினைச்சு வெட்டிட்டா. என்னைக் கேட்டா மொத்த ரெண்டு மணி நேரத்துல அவளுக்குக் கெடைச்ச தங்கமே அந்த ஆறு செகண்டுதான். அங்க ஒண்ணுமே அசைய வேண்டாம், காலியா இருக்கிற கட்டுத்தறியை ஒரே ஒரு படமா வரைஞ்சு நிறுத்திட்டாப் போதும்.

இன்னொண்ணு, அவ வெட்டுன எடமெல்லாம் காதுல தெரியுது. காரணம் பக்கத்து வீட்டு தறி. ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீரா இருந்தா ஓரளவு குறைச்சுப்போடலாம், தறி அப்படியில்ல, டக்கு டக்குன்னு தாளம் போடுது, பேச்சை நடுவுல வெட்டி ஒட்டுனா தாளம் தப்புது, அர்த்தம் சரியா இருந்தாலும் கேக்கறவங்களுக்கு எங்கயோ தடுக்குது. இதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து தேடி ராத்திரி முழுக்க முழிச்சா குரலும் சேர்ந்து தகரத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிரும், அவ அனுப்புன மூணாவது ஃபைல்ல அதுதான் ஆயிருக்குது. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு நல்ல வழி இருக்குதுங்க. கரண்ட் ஆபீஸ்காரங்க பராமரிப்புக்குன்னு ஒரு நாள் முழுக்க கரண்ட் நிறுத்துவாங்கல்ல, பேப்பர்ல ஊர் பேர் போட்டு வருமே, அன்னிக்குப் போய் ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. தறி ஓடாது, மோட்டார் ஓடாது, ஃபிரிட்ஜ் உறுமாது. மொத நாளே சார்ஜ் போட்டுக்கோணும், அவ்வளவுதான். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துல கொஞ்சம் பக்கவாட்டுல வைக்கோணும், ஃபைலை வேவ் ஃபார்மேட்ல 48 கிலோஹெர்ட்ஸ்ல எடுக்கோணும், பேசி முடிச்சதும் யாரும் பேசாம ஒரு நிமிசம் அந்தத் திண்ணையோட சத்தத்தை மட்டும் தனியா எடுத்துக்கோணும். வெட்டுன எடத்துக்கு அடியில அந்த ஒரு நிமிசத்தை விரிச்சு விட்டா ஒட்டு தெரியாது.

அன்னிக்குப் போகும்போது கேள்வியும் மாறோணும். வாயால கதை சொல்றவங்களுக்கு வேண்டியது வேற, வரையறவங்களுக்கு வேண்டியது வேற. பாப்பா ரெண்டு மாட்டையும் செவலையா வரைஞ்சிருக்கா. காங்கேயம் மாட்டுல கன்னு பொறக்கும்போதுதான் செவப்பு, ஆறு மாசத்துக்குள்ள அது சாம்பல் நெறத்துக்கு மாறிரும், கவலை இழுக்கிற வயசு எருது வெள்ளையாவோ சாம்பலாவோதான் இருக்கும். அப்புச்சி "எங்க காங்கேயம் ஜோடி"ன்னு சொன்னதை அவளே எழுதி வெச்சிருக்கா, நெறத்தைக் கேக்கல. இதைவிடப் பெரிய தப்பு நடையில இருக்குது. கவலையில மாடு சரிவுல கீழ எறங்கும்போது வடம் இழுத்துக்கிட்டு சால் மேல வரும், ஓட்டறவரு வடத்து மேல உக்காந்து தன் எடையையும் சேர்த்துக் குடுப்பாரு, மேல வந்ததும் தோல் வால் வழியா தண்ணி தொட்டியில கொட்டும். அப்புறம் மாடு திரும்பி நடக்காதுங்க, மூஞ்சி அந்தப் பக்கமே இருக்க, பின்னாலயே நடந்து மேட்டுக்கு ஏறும், சால் மறுபடி கிணத்துல எறங்கும். பாப்பா மாட்டைத் திருப்பி நடக்க விட்டிருக்கா. தப்புன்னு நான் சொன்னதும், அப்ப எறங்குற படத்தையே ரிவர்ஸ்ல ஓட்டிடலாமான்னு கேட்டா. அதுவும் ஆகாது. எறங்கும்போது தலை தாழ்ந்து ஒடம்பு முன்னால சாஞ்சு வடம் விண்ணுன்னு இருக்கும். பின்னால வரும்போது வடம் தொங்கும், மூக்கணாங்கயித்தைப் பிடிச்சு இழுக்கறதால தலை தூக்கியிருக்கும், பின்னங்காலு எடம் தேடித் தேடி வைக்கும். பழைய படத்தைத் தலைகீழா ஓட்டுனா இழுத்த பாரம் அப்படியே ஒடம்புல நிக்கும், கவலை பாத்த எந்தக் கெழவரும் ஒரே பார்வையில சிரிச்சுப்போடுவாரு.

வேலை மிச்சமாகுற எடமும் இதுதான். எறங்குறதுக்கு ஒரு சுழற்சி, ஏறுறதுக்கு ஒரு சுழற்சி, ஒவ்வொண்ணும் பன்னெண்டு படம்னு வெச்சா இருபத்தி நாலு படத்துல எத்தனை சால் வேணும்னாலும் இறைக்கலாம். மூணு நிமிசத்தை முழுசா அசைய வெச்சா 2160 படம், ஒண்ணுக்குக் கால் மணி நேரம்னா 540 மணி நேரம், படிக்கிற புள்ளையால ஆகாது. நாப்பது செகண்ட் மட்டும் முழு அசைவு, மீதிக்கு இருபத்தஞ்சு நிலைப்படம், அதுல கேமரா மட்டும் மெதுவா நகந்தா போதும்னு வெச்சுக்கிட்டா ஏறக்கொறைய ஐநூறு படத்துல முடிஞ்சிரும். எந்த நாப்பது செகண்டுன்னு முடிவு பண்றதுக்குத்தான் அனிமேட்டிக். பென்சில் கிறுக்கலை ஆடியோ மேல நேரப்படி அடுக்கி மூணு நிமிசமும் ஓட்டிப் பாக்கறது. அது சரியா வர்ற வரைக்கும் ஒரு படத்துக்கும் கலர் அடிக்கக் கூடாது.

நெனப்பு தடுமாறுற எடத்தையும் கவனிக்கோணும். மோட்டார் வந்தது ஒரு எடத்துல காமராசர் ஆட்சியிலங்கறாரு, இன்னொரு எடத்துல பக்தவத்சலம் இருக்கும்போதுங்கறாரு. காமராசர் 1963-ல எறங்கி பக்தவத்சலம் வந்தாரு, அதனால ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் காலம்தான். ஆனா பாப்பா தானா ஒண்ணை எடுத்துக்கிட்டு செவுத்து காலண்டர்ல 1962-னு வரைஞ்சு வெச்சிருக்கா. யாரும் சொல்லாத தகவல் அது. குரல்ல இல்லாததை படம் சொன்னாலும், பாக்கறவங்க அப்புச்சி சொன்னதாத்தான் எடுத்துக்குவாங்க. காலண்டரை எடுத்துறச் சொல்லியிருக்கேன். அதே மாதிரி அவரோட அப்பாருக்கு போட்டோவே இல்லைன்னா மூஞ்சி கற்பனையில வரைய வேண்டாம், முதுகுப் பக்கமாவே காட்டலாம். போட்டோ பாத்து வரைஞ்சதுக்கு முழுக் கலர், வெறும் நெனப்புலிருந்து வந்ததுக்கு கோடு மட்டும்னு ஒரு ஒழுங்கு வெச்சுக்கிட்டா பாக்கறவங்களுக்கே புரிஞ்சிரும். முடிச்ச ஆடியோவை அவருக்குப் போட்டுக் காட்டி, வாக்கியம் மாத்தி ஒட்டுனதுல அர்த்தம் மாறலையேன்னு கேட்டு, சம்மதம் எழுதி கையெழுத்து வாங்கறதும் வேலையில ஒரு பகுதிதான், சொந்த அப்புச்சியா இருந்தாலும்.

இப்ப வீட்டுக்காரரு கேட்ட பொழப்பு விசயம். அனிமேஷன் டாக்குமெண்டரி மட்டும் பண்ணி மாசச் சம்பளம் வாங்குற வேலை நம்ம பக்கம் கெடைக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக், பேச்சு எடிட்டிங் இந்த மூணும் தெரிஞ்ச ஆளு விளம்பரம், பாட வீடியோ, 2டி ஸ்டுடியோன்னு எங்கயும் வேலை கேக்கலாம், அங்க மொதல்ல கேக்கறதும் தொள்ளாயிரம் படத்தை இல்ல, முடிஞ்ச மூணு நிமிசத்தை. டிகிரி முடிச்சு மேல படிக்கோணும்னா அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்ல அனிமேஷனுக்கே தனி எம்.டெஸ் இருக்குது, அதுக்கு DAT-னு ஒரு நுழைவுப் பரீட்சை. ஐஐடி பாம்பேயில சேர CEED-னு ஒரு பரீட்சை. ரெண்டுலயும் வரையத் தெரியுமாங்கறதோட எப்படி யோசிக்குதுன்னும் பாப்பாங்க, இந்தப் படத்தோட டைப் பண்ண பேப்பரு, வெட்டுன துண்டு, அனிமேட்டிக் எல்லாத்தையும் தூக்கிப் போடாம எடுத்து வெச்சா போர்ட்ஃபோலியோவுக்கு அதுவே ஆகும். லட்ச ரூவா லேப்டாப் இப்ப வாங்க வேண்டாங்க. இருக்கிற கம்ப்யூட்டரும் சின்ன பேனா டேப்லெட்டும் போதும், ஆடாசிட்டியும் கிரிட்டாவும் இலவசம்தான்.

வர்ற கரண்ட் நிறுத்துற நாள் என்னிக்குன்னு பாத்து அவளை அப்புச்சி வீட்டுக்கு அனுப்பி விடுங்க, நீங்களும் கூடப் போனா நல்லது, உங்க முன்னாடி அவரு இன்னும் கொஞ்சம் பேசுவாரு. மாடு பின்னால ஏறும்போது கயிறு எந்தக் கையில இருந்துச்சு, சால் தண்ணியைத் தொட்டது மேல நிக்கறவருக்கு எப்படித் தெரியும், வித்த மாட்டோட தும்பு இன்னும் வீட்டுல எங்கயாச்சும் தொங்குதா, இந்த மூணையும் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. மூணு வாரம் கழிச்சு அனிமேட்டிக்கை மட்டும் கொண்டுக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க, வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்தா அவரையே கண்ணை மூடிக் கேக்கச் சொல்லலாம்.