தேய்ந்த ரேகையும் இருபது மதிப்பெண்ணும்

அன்புள்ள ஐயா,

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் அறவியல் தாளுக்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: நீங்கள் வட்ட வழங்கல் அலுவலர். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் ஒரு மூதாட்டிக்கு மெஷினில் ரேகை விழாததால் இரண்டு மாதமாக ரேஷன் அரிசி இல்லை. ‘விதியை மீற முடியாது’ என்கிறார் கடைக்காரர். சொந்தப் பணத்தில் அரிசி வாங்கித் தருவேன், ஆதாரைப் புதுப்பிக்க அனுப்புவேன் என்று எழுதினேன். இருபதுக்கு ஆறு. இரக்கம் தப்பா?

வ., காரைக்குடி

அன்புள்ள வ.,

திருத்தியவர் கஞ்சர் இல்லை. கடைக்காரர் ‘விதி’ என்றதும் நீங்களும் அதை விதி என்றே எடுத்துக்கொண்டீர்கள். அங்கேயே விடை தடம் மாறிவிட்டது.

அந்த அம்மா முன்னுரிமைக் குடும்ப அட்டைதாரர் என்றால் அரிசி அவருக்கு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. ரேகை விழவில்லை என்பதற்காக உரியவருக்குப் பலன் மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பும் வலியுறுத்தியது. அட்டையைப் பார்த்து, ஆளை வேறு வழியில் உறுதிசெய்து, தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அரிசி போடலாம். ஆகவே இங்கே சட்டமும் இரக்கமும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிரே நிற்பது மெஷின். அரிசியை உங்கள் பையிலிருந்து கொடுத்தால் அவருடைய உரிமை உங்கள் தர்மமாகிவிடும். அடுத்த மாதம் யார் கொடுப்பது? கண்ணாடித் தட்டில் சாயம் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் அள்ளிப்போடும் கைகள் அந்தப் பட்டறையில் இன்னும் எத்தனையோ. ஆதாரைப் புதுப்பித்தாலும் மறுநாள் அதே சிமெண்டுதான்.

கடைக்காரரைக் கல்நெஞ்சர் ஆக்கிவிடாதீர்கள். ரேகை இல்லாமல் போட்ட அரிசிக்குத் தணிக்கையில் கணக்குக் கேட்டு, தொகையைத் தன் தலையில் கட்டுவார்களோ என்று பயப்படுகிறார். வாய்ப்பேச்சில் ‘போடுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்றால் அவர் அசைய மாட்டார். உங்கள் கையெழுத்துடன் ஓர் உத்தரவு போனால் அன்றைக்கே அரிசி இறங்கும். விடையில் அந்த உத்தரவுதான் முதலில் வர வேண்டும். விடுபட்ட இரண்டு மாதத்துக்கு, அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் உள்ள உணவுப் பாதுகாப்புப் படியைக் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவேன் என்று ஒரு வரி சேருங்கள். இதை எழுதுகிறவர்கள் குறைவு.

கடமை என்று தனியாகப் பத்தி வேண்டாம். அது அந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கள்ள அரிசி போகும் சந்தும் அதுதான். ஒரு கடையில் மட்டும் ‘ரேகை விழாதவர்கள்’ திடீரென்று பெருகினால், பத்துப் பெயரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். இந்தச் சோதனையை எழுதாத விடையில், நல்ல மனசைக் காட்டி எவரும் அலுவலரை ஏமாற்றலாம்.

250 சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும். ‘இது ஒரு தர்மசங்கடமான சூழ்நிலை’ என்ற உங்கள் முதல் வரியை அடித்துவிட்டு, ‘கடைக்காரர் சொல்லும் விதி எதில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்’ என்று தொடங்கி மறுபடி எழுதி அனுப்புங்கள்.