முக்கோணத்தின் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குப் போகும் கோட்டின் நீளம்

"முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரியும். ஒரு உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு போகுது. அதின்ட நீளத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

மூன்று பக்கம் மட்டும் போதாது. அந்தக் கோடு எதிர்ப்பக்கத்தை எந்த இடத்தில் தொடுகிறது என்பதும் தெரிய வேண்டும். நீங்களும் காணி பிரிக்கத்தான் கேட்கிறீர்கள் போல, ஏனென்றால் எனக்கு இது தேவைப்பட்டதும் அதற்குத்தான்.

முல்லைத்தீவுப் பக்கம் அம்மாவின் வளவு ஒரு முக்கோணம். றோட்டுப் பக்கம் BC 70 மீட்டர், பின்னால் கிணற்றடி மூலை A, அதிலிருந்து வரும் வேலிகள் AB 65, AC 75. அம்மாவைப் பார்த்தது அக்கா, அதனால் அவவுக்கு மூன்று பங்கு, எனக்கு இரண்டு. உயரம் ஒன்றுதான் என்பதால் றோட்டுப் பக்கத்தை 2:3 ஆகப் பிரித்தாலே பரப்பளவும் அப்படியே பிரியும்: BD 28, DC 42. ஆனால் A இலிருந்து D வரை முழுக்க ஈச்சம் பற்றை, நாடா பிடிக்க வழியில்லை. முள்ளுக்கம்பி எவ்வளவு வாங்குவது?

சித்தப்பா 69 மீட்டர் என்று அடித்துச் சொன்னார், 65க்கும் 75க்கும் இடையில்தானே வரும் என்று. வராது. நடுவில் போகும் கோடு இரண்டு பக்கத்தையும் விடக் குறைவாகவே இருக்கலாம். 1746இல் மத்தேயு ஸ்டுவர்ட் வெளியிட்ட தேற்றம் இது:

AC² × BD + AB² × DC = BC × (AD² + BD × DC)

D இல் இருக்கும் இரண்டு கோணமும் சேர்ந்து 180 பாகை. இரண்டு சிறு முக்கோணத்துக்கும் கோசைன் விதியை எழுதி, ஒன்றை BD ஆலும் மற்றதை DC ஆலும் பெருக்கிக் கூட்டினால் கோசைன் அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது இதுதான்.

5625 × 28 + 4225 × 42 = 334950
334950 ÷ 70 = 4785
4785 − 28 × 42 = 3609

வர்க்கமூலம் 60.07. பற்றை வெட்டின பிறகு கயிறு பிடித்துப் பார்த்தோம், 60 மீட்டரும் கொஞ்சமும்.

எல்லாரும் பிழைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. AC யின் வர்க்கத்தை அதற்குப் பக்கத்துத் துண்டு DC ஆல் பெருக்கக் கூடாது, எதிர்த் துண்டு BD ஆல்தான் பெருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இங்கே 62.36 வரும், பார்க்கச் சரியான விடை மாதிரியே இருக்கும். சந்தேகமென்றால் D ஐ B க்கே கொண்டுபோங்கள், BD பூச்சியம், அப்போது விடை AB ஆகத்தான் வர வேண்டும்.

D சரியாக நடுவில் என்றால் இவ்வளவு வேலை இல்லை: 4 × AD² = 2 × AB² + 2 × AC² − BC². எங்கள் வளவில் அது 60.83 வரும்.

சர்வேயர் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள், உறுதி எழுத அவர் கட்டாயம் வேண்டும். இது வேலிக் கணக்கு. வேலி எல்லைகள் வளைந்திருந்தால் இதுவும் பிழைக்கும். அப்புறம் முள்ளுக்கம்பி வாங்கினால் கடையிலேயே அளந்து வாங்குங்கள். சுருளில் எழுதியிருக்கும் மீட்டர் உள்ளே இல்லை, கேட்டால் "கொம்பனி அப்படித்தான் அனுப்புது" என்கிறார்கள், காசு மட்டும் முழுச் சுருளுக்கும் எடுக்கிறார்கள்.