பெட்டியில் 4 எச்.பி., தகட்டில் எவ்வளவு?

ட்ரெட்மில், உடற்பயிற்சி சைக்கிள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எச்.பி. பற்றியவை. அதனால் அதை முதலில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆன்லைனில் 20,000 ரூபாய்க்கு '4 எச்.பி. பீக்' என்று ஒரு ட்ரெட்மில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடையில் 2 எச்.பி. மெஷினுக்கு 38,000 கேட்கிறார்கள். பாதி விலையில் இரண்டு மடங்கு மோட்டார் கிடைக்கும்போது ஏன் யோசிக்க வேண்டும்? (சேலம்)

யோசிக்க வேண்டிய இடம் அந்த 'பீக்' என்ற சொல். மோட்டார் ஒரு சில விநாடி தம் பிடித்து எவ்வளவு இழுக்கும் என்பதுதான் பீக். நீங்கள் நடக்கப் போவது முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடமும் சூடேறாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் 'கன்டினியூவஸ்' எச்.பி. என்பார்கள். வாங்கும்போது அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு எச்.பி. என்பது ஏறக்குறைய 746 வாட். அப்படியானால் 4 எச்.பி. மோட்டார் ஓட 3,000 வாட் வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டில் அது 13 ஆம்ப். பெரிய கீசர் இழுக்கும் அளவு. ஆனால் அந்த மெஷினோடு வருவது இஸ்திரிப்பெட்டிக்குச் செருகுகிற சின்ன ப்ளக் என்றால், அது தாங்குவது 6 ஆம்ப், அதாவது 1,380 வாட். கண்ட்ரோலரிலும் மோட்டாரிலும் வீணாகும் சூட்டைக் கழித்தால் பெல்ட்டுக்குப் போய்ச் சேருவது ஒன்றரை எச்.பி.கூட இல்லை. பெரிய ப்ளக் இருந்தால் மோட்டாரும் பெரியது என்று நம்பிவிடவும் வேண்டாம். சின்ன ப்ளக் பொய்யைக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இதைவிட நம்பகமானது மோட்டார் மேலேயே ஒட்டியிருக்கும் தகடு. முன்பக்க மூடியில் நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றினால் தெரியும். சென்ற மாதம் ஒரு வீட்டில் '4 எச்.பி.' மெஷினைத் திறந்தேன். தகட்டில் 180 வோல்ட், 6.5 ஆம்ப் என்று இருந்தது. பெருக்கினால் 1,170 வாட். நூற்றுக்கு எண்பது பங்கு வேலையாக மாறுகிறது என்று வைத்தால் 936 வாட், அதாவது ஒன்றேகால் எச்.பி. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் தகட்டின் போட்டோ கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்பது கிலோவுக்குள் இருப்பவர் நடக்க மட்டும் என்றால் கன்டினியூவஸ் ஒன்றரை போதும். மெதுவோட்டத்துக்கு 2, தினமும் ஓடுபவருக்கு இரண்டரை முதல் 3 என்பது என் கணக்கு. உங்கள் கடைக்காரர் சொல்லும் 2 எச்.பி. கன்டினியூவஸ்தானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் பெரிய மோட்டார் அதுதான்.

என் கணவர் 98 கிலோ. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகத்தான் நடக்கிறார். ஆனாலும் இருபது நிமிடத்தில் கருகல் வாசனை வந்து மெஷின் நின்றுவிடுகிறது. வேகமாக ஓடும் என் மகனுக்கு அப்படி ஆவதில்லையே? (திருச்சி)

நிறைய பேரைக் குழப்பும் விஷயம் இது. மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை வேகத்தைவிட, பெல்ட்டை நகர்த்த அது கொடுக்கும் இழுவிசைதான் தீர்மானிக்கிறது. காலை ஊன்றும்போது உடல் எடை பெல்ட்டைப் பலகையோடு சேர்த்து அழுத்துகிறது. எடை கூடினால் உராய்வு கூடும், கரண்ட் கூடும், சூடு கூடும். அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டிய விசிறியோ மோட்டார் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. மெதுவாக நடந்தால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். உங்கள் மகன் ஓடும்போது விசிறி நன்றாகக் காற்று தள்ளுகிறது.

முதலில் பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய் வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எப்படிப் பார்ப்பது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். எண்ணெய் போட்ட பிறகு, மெஷினில் சரிவு வைக்க வசதி இருந்தால் லேசாக ஏற்றி நடக்கச் சொல்லுங்கள். ஏற்றினால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் குறையும். சரிவில் நிற்பவரின் எடையில் ஒரு பங்கு பெல்ட்டைப் பின்னோக்கித் தள்ளி மோட்டாருக்கு உதவுகிறது. மூச்சு வாங்குவது அவருக்குத்தான். அதனால் மருத்துவர் நடை மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் ஒரு படிக்கு மேல் வேண்டாம்.

இதற்குப் பிறகும் நின்றால் மோட்டார் அவருக்குச் சிறியது. புதிதாக வாங்கும்போது, அட்டையில் போட்டிருக்கும் அதிகபட்ச எடையில் 20 கிலோவைக் கழித்துக்கொண்டு பாருங்கள்.

பெல்ட் வழுக்குகிறது. பின்னால் இருக்கும் போல்ட்டை இறுக்கினேன், ஒரு வாரம் சரியாக இருந்தது, மறுபடி அதே கதை. தேங்காய் எண்ணெய் விடலாமா? (நாகர்கோவில்)

தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். பெல்ட்டின் அடியில் இருப்பது நெய்த துணி. அதில் சமையல் எண்ணெயோ, கீல்களுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயோ பட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். சிலிகான் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு நடுப்பகுதியைத் தடவிப் பாருங்கள். கால் விழும் இடம் அதுதான். விரலில் லேசான வழவழப்பு ஒட்டினால் போதும். காய்ந்து, சொரசொரவென்று இருந்தால் இரு பக்கமும் பத்துப் பதினைந்து மில்லி விட்டு, யாரும் ஏறாமல் மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். மெழுகு பூசிய பலகை உள்ள சில மாடல்களில் எண்ணெயே விடக் கூடாது. கையேட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள். துணிப்பக்கம் தேய்ந்து கண்ணாடி போல மினுங்கினால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வழுக்கலுக்கு வருவோம். மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே கையோ துணியோ போகாமல், பெல்ட் மெதுவாக ஓடும்போது ஒருவர் ஏறி நின்று காலை அழுத்தட்டும். இன்னொருவர் தள்ளி நின்று முன் ரோலரைப் பார்க்கட்டும். ரோலர் சுற்ற, பெல்ட் மட்டும் நின்றால் பெல்ட் தளர்வு. பின் போல்ட்டுகளை இரு பக்கமும் சமமாகக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். ரோலரும் பெல்ட்டும் சேர்ந்து நிற்க, மோட்டார் மட்டும் சுற்றினால், வழுக்குவது மோட்டாரையும் ரோலரையும் இணைக்கும் சின்ன பெல்ட். அப்போது பின்பக்க போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கல் நிற்காது. ரோலர் பேரிங்தான் சீக்கிரம் போகும். உங்கள் ஒரு வாரக் கதையைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு: பெல்ட் ஒரே அடுக்கா, இரண்டு அடுக்கா என்று கேளுங்கள். இரண்டு அடுக்கு ஓரம் சுருளாது, அதிக நாள் வரும். நடக்க 40 சென்டிமீட்டர் அகலம் போதும். ஓடுபவர்களுக்கு 45க்குக் குறைந்தால் ஓரத்தை மிதிக்கும் பயத்திலேயே கால் குறுகிவிடும்.

சைக்கிளில் ஃப்ளைவீல் 6 கிலோ, 13 கிலோ என்று இரண்டு காட்டுகிறார்கள். கனமானதுதானே நல்லது? (மதுரை)

பெரும்பாலும் ஆமாம், ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெடல் உச்சிக்கும் அடிக்கும் வரும்போது காலுக்கு அழுத்தம் கொடுக்க வராது. அந்த நொடியில் சக்கரம் தன் வேகத்தில் பெடலைத் தள்ளிவிட வேண்டும். அதற்குத்தான் ஃப்ளைவீல். சக்கரத்தில் சேரும் ஆற்றல் சுற்றும் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். ஒரே அளவு சக்கரம் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் நாலு மடங்கு ஆற்றல். எனவே பெடல் ஒரு சுற்றுக்கு வேகமாகச் சுற்றும் 6 கிலோ சக்கரம், மந்தமாகச் சுற்றும் 13 கிலோவைவிட வழுவழுப்பாக ஓடலாம். எடை விளிம்பில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதும் உண்டு.

அதனால் கடையில் ஏறி உட்காருங்கள். இறுக்கத்தை நடுத்தரமாக வைத்து மெதுவாக மிதியுங்கள். பெடல் உச்சியைத் தாண்டும்போது வெட்டி வெட்டிப் போனால் அந்த வண்டி வேண்டாம். வேகமாக மிதித்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும், விற்பவர் அப்படித்தான் மிதித்துக் காட்டுவார்.

இறுக்கம் காந்தத்தாலா, ஃபெல்ட் கட்டையாலா என்றும் பாருங்கள். ஃபெல்ட் சக்கரத்தைத் தொட்டுத் தேய்வது. நாளாக நாளாக வாசனையும் சத்தமும் வரும், கட்டையை மாற்ற வேண்டியிருக்கும். காந்தம் தொடுவதே இல்லை, எனவே தேய்வதற்கு எதுவும் இல்லை. கூடுதல் பணம் கொடுக்கலாம்.

அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி. ஸ்பின் பைக் வாங்கலாமா? (தாம்பரம்)

வேண்டாம். ஸ்பின் பைக் பலவற்றில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தின் வேகத்தில் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை எடுக்கத் தெரியாமல் தடுமாறுவார்கள். முதுகு சாய்த்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வகை இருக்கிறது. உட்காரும் உயரம் நாற்காலி அளவுதான், ஏறி இறங்கச் சிரமமில்லை. வாங்கும் முன் எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

மோட்டாருக்கு ஆயுள் உத்தரவாதம் என்கிறார்கள். அப்புறம் சர்வீஸ் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? (ஈரோடு)

ஏனென்றால் முதலில் போவது மோட்டார் இல்லை. கண்ட்ரோலர் போர்டு, டிஸ்ப்ளே, ரன்னிங் பெல்ட், இவைதான் நான் அதிகம் மாற்றுபவை. பல கம்பெனிகளில் அவற்றுக்கு உத்தரவாதம் ஒரு வருடம் மட்டும். மோட்டாருக்கு ஆயுள் என்றாலும் கழற்றி மாட்டும் கூலியும் வந்து போகும் செலவும் அதில் சேருமா என்பதைச் சின்ன எழுத்தில் படியுங்கள்.

என் தங்கைக்கு நானே பார்த்து வாங்கிக் கொடுத்த மெஷின் ஒன்று. மோட்டார் நல்லது, பெல்ட் நல்லது, எல்லாம் தட்டிப் பார்த்து வாங்கியது. பதினான்காவது மாதம் போர்டு போனது. எலி வயரைக் கடித்திருந்தது, கம்பெனியைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மாற்றுப் போர்டுக்கு நாலரை மாதம் இழுத்தடித்தார்கள். போர்டும் மோட்டாரும் டிஸ்ப்ளேவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதால் வேறு எதையும் மாட்டவும் வழியில்லை. அந்த மாதங்களில் அதன் கைப்பிடியில் புடவைகள் காய்ந்தன.

அன்றிலிருந்து பணம் கட்டும் முன்பே சர்வீஸ் நம்பருக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன். வாங்கியவர் மாதிரியே பேசுவேன்: "இந்த மாடலுக்குக் கண்ட்ரோலர் போர்டு என்ன விலை, ஸ்டாக்கில் இருக்கிறதா? எங்கள் பின்கோடுக்கு ஆள் எங்கிருந்து வருவார்?" விலையைச் சட்டென்று சொன்னால் அந்தப் பொருள் அவர்களிடம் புழங்குகிறது என்று அர்த்தம். "கம்ப்ளெயின்ட் போடுங்கள் சார், பார்க்கிறோம்" என்றால் எனக்கு அங்கேயே முடிந்தது. ஈரோட்டுக்குக் கோவையிலிருந்து ஆள் வருவது பரவாயில்லை. சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் பத்து நாள் ஆகும். பெல்ட் மட்டும் விதிவிலக்கு. பழைய பெல்ட்டின் முழுச் சுற்றளவு, அகலம், தடிமன் மூன்றையும் கொடுத்தால் பெரிய ஊர்களில் பெல்ட் ஒட்டிக் கொடுப்பவர்களே செய்து தருவார்கள்.

பழைய ட்ரெட்மில் 9,000 ரூபாய்க்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்? (காரைக்குடி)

எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கிளாம்ப் மீட்டரோடு கூட்டிப் போங்கள். உங்கள் எடையில் மணிக்கு 4 கிலோமீட்டரில் பத்து நிமிடம் நடங்கள். கரண்ட் நிலையாக இருந்தால் பெல்ட்டும் பலகையும் பெரும்பாலும் நல்லவை. நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால், பெல்ட், பலகை, எண்ணெய் மூன்றில் ஒன்று சரியில்லை. அங்கேயே சிலிகான் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் பெல்ட்டுக்கும் பலகைக்கும் ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடலாம்.