ஒரு காதில் மட்டும் பாட்டு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே புலம்பல்: எந்த ஆப்பைத் திறந்தாலும் ஒரு பக்கம்தான் சத்தம். ஒரே ஒரு ஆப்பில் அப்படி என்றால் அந்த ஆப்பைப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் அமைப்பிலோ ஹெட்போனிலோ ஜாக்கிலோதான் கோளாறு. ரீசெட் போடாதீர்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் யாராவது போட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

வலது பக்கம் சத்தமே இல்லை. இரண்டு ஹெட்போன் வாங்கிவிட்டேன், அதே கதை. சார், என்ன செய்வது? (கீழக்கரை)

முதல் ஹெட்போனை வேறு ஒரு போனில் குத்திப் பார்த்திருந்தால் இரண்டாவதை வாங்கியிருக்க மாட்டீர்கள். அங்கே இரண்டு பக்கமும் பாடினால் ஹெட்போன் நல்லது, உங்கள் போனில்தான் விஷயம். என்ன போன் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். Settings உள்ளே மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் balance என்று அடியுங்கள். சாம்சங்கில் Accessibility → Hearing enhancements உள்ளே இருக்கும். ஐபோனில் Accessibility → Audio & Visual. அங்கே ஒரு கோடு, அதன்மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவுக்கு இழுத்துவிடுங்கள். திரையைத் தடவும்போது விரல் பட்டு நகர்வதுதான் பெரும்பாலும். நடுவில்தான் இருக்கிறது என்றால் ஜாக்கைப் பார்க்க வேண்டும். கீழே தங்கச்சிமடம் பதிலைப் படியுங்கள்.

இடது காதில் குறைவாகக் கேட்கிறது. ஹெட்போனை மாற்றி மாட்டினேன், அப்போதும் இடது காதில்தான் குறைவு. போன் ரிப்பேரா? (தேவிபட்டினம்)

போன் இல்லை, ஹெட்போனும் இல்லை. மாற்றி மாட்டும்போது குறை ஹெட்போன் துண்டோடு போனால் அது கருவியின் குறை. உங்கள் காதோடு நின்றால் காதின் குறை. அழுக்காக இருக்கலாம். ஆனால் திடீரென்று ஒரு நாளில் வந்தது என்றால் தள்ளிப்போடாமல் காது டாக்டரிடம் போங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே சீழ் வடிந்து வலது காது போய்விட்டது. இடது காதில் நன்றாகக் கேட்கட்டும் என்று பேலன்ஸை முழுக்க இடதுபக்கம் தள்ளி வைத்தேன். இப்போது டூயட் பாட்டில் ஒருவர் பாடுவதே சரியாகக் கேட்கவில்லை என்கிறார். (பாம்பன்)

நல்ல மனசு, தப்பான பட்டன். பேலன்ஸ் எதையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. இடதுபக்கம் தள்ளினால் வலதுபக்கக் குழாயை மூடுகிறது, அவ்வளவுதான். வலதுபக்கம் வரவேண்டிய ஒலி அப்படியே போய்விடும். இப்போதைய பாட்டுகளில் குரலை நடுவில், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பார்கள், அதனால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஓரத்தில் வைத்த வயலினோ தபலாவோதான் காணாமல் போகும். ஆனால் ஆண் குரலை ஒரு பக்கமும் பெண் குரலை மறுபக்கமும் ஒதுக்கிப் பதிவு செய்த பாட்டு என்றால், அப்பாவுக்குக் கேள்வி கேட்கும், பதில் கேட்காது.

அவருக்கு வேண்டியது மோனோ. Mono audio என்ற பட்டனும் அதே இடத்தில்தான் இருக்கும். அதைப் போட்டால் போன் இடதையும் வலதையும் ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையையே இரண்டு பக்கமும் அனுப்பும். பேலன்ஸை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு மோனோவைப் போடுங்கள். அப்புறம் இடது காதில் ஒன்று மாட்டினாலே முழுப் பாட்டும் வந்துவிடும். போட்டதும் அதே டூயட்டை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. என் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார், அவருக்கும் ஒரு காதுதான். சார்ஜ் ஏறவில்லை என்று போனை வேறு ஓரிடத்தில் கொடுத்திருக்கிறார். சார்ஜை விட்டுவிட்டு ‘சாஃப்ட்வேர் போட்டு’ கொடுத்திருக்கிறார்கள், மோனோ போய்விட்டது. அவருக்கு அந்தப் பட்டன் இருப்பதே தெரியாது. பேரன் எப்போதோ போட்டுக் கொடுத்தது. ‘பாட்டு பாதியாப் போச்சு தம்பி’ என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. புது ஸ்பீக்கர் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பட்டன், அரை நிமிஷம். அதைவிட மோசம் வீட்டுப் பிள்ளைகள்: ‘ஸ்டீரியோ வீணாகுதே’ என்று தாத்தா போனில் மோனோவை அணைத்துவிடுவார்கள். ஒரு காதுக்காரருக்கு ஸ்டீரியோ என்றால் பாதி ஒலி. அணைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போன் மாற்றினாலும் ரீசெட் போட்டாலும், மோனோ இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள்.

எல்லா ஆப்பிலும் பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. இசை நன்றாகக் கேட்கிறது. மோனோ ஆகிவிட்டதா? (தங்கச்சிமடம்)

இல்லை. மோனோவானால் குரல் போகாது, பரப்புதான் போகும். உங்களுடையது கம்பி போட்ட ஹெட்போனாகத்தான் இருக்கும், ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை. அந்தக் குச்சியில் இடதுக்கு நுனி, வலதுக்கு ஒரு வளையம், இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒன்று. எர்த் தொடாவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். நடுவில் இருக்கும் குரல் இரண்டிலும் ஒன்றே என்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டு ஓடும்போதே மோனோவைப் போடுங்கள். மொத்தச் சத்தமும் கிட்டத்தட்ட செத்துப்போனால் எர்த்தேதான், ஏனென்றால் இப்போது இரண்டு பக்கமும் ஒன்றே, வித்தியாசம் என்று எதுவும் மிச்சமில்லை. அப்புறம் போனின் உறையைக் கழற்றிவிட்டுக் குத்திப் பாருங்கள். தடித்த ரப்பர் உறை ஜாக்கை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தாலே போதும். உறை இல்லாமலும் அப்படியே என்றால், நம் ஊர் உப்புக்காற்று. குச்சியில் பச்சையாகப் பூத்திருக்கும். துணியில் துடையுங்கள். ஓட்டைக்குள் குண்டூசி விடாதீர்கள். சோதனை முடிந்ததும் மோனோவை அணைக்க மறக்காதீர்கள்.

மைக் செட் வைத்திருக்கிறேன். ஒரே வயரில் போனிலிருந்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்தால் பாட்டில் ஏதோ குறைகிறது. (தொண்டி)

இரட்டை ஆர்சிஏ வயரில் ஒன்றை மட்டும் சொருகியிருக்கிறீர்கள். கோயில் வாசலில் ஒரு ஹாரன், தெருமுனையில் ஒரு ஹாரன் என்றால் ஸ்டீரியோவுக்கு அர்த்தமே இல்லை. போனில் மோனோவைப் போட்டுவிட்டு ஒரு வயரே கொடுங்கள். இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்காதீர்கள்.

லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போன். மீட்டிங் திறந்தவுடன் பாட்டும் மோனோவாகி, வானொலி மாதிரி கரகரக்கிறது. (ராமநாதபுரம்)

மைக் திறந்ததும் ஹெட்போன் போன் பேசும் முறைக்கு மாறுகிறது. சாதாரண புளூடூத்தில் அது மோனோதான். மீட்டிங்கில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கும் அதே பிரச்சினை. (மண்டபம்)

எதே?

போனில் கீழே இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது, ஒரு பக்கம்தான் சத்தம் வருகிறது. (ஏர்வாடி)

இன்னொன்று மைக்.