கிராம்பு சிகரெட்: தொண்டை எரியவில்லை என்பதுதான் வில்லங்கம்

கேள்வி: நண்பன் இந்தோனேசியாவிலிருந்து கிராம்பு சிகரெட் வாங்கி வந்திருக்கிறான். இழுத்தால் தொண்டையில் எரிச்சலே இல்லை, இருமலும் வரவில்லை. சாதாரண சிகரெட்டை விட இதில் கெடுதல் குறைவுதானே? மெந்தால், மூலிகை சிகரெட் எல்லாம் எப்படி?

குறைவில்லை. எரிச்சல் இல்லை, இருமல் இல்லை என்று நீங்கள் நற்சான்றிதழாக எழுதியிருக்கும் இரண்டும்தான் இதில் கவலைப்பட வேண்டிய விஷயங்கள்.

நான் மருத்துவர் இல்லை. திருவாரூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். ‘மருந்துக்கடைக்காரருக்கு நுரையீரலைப் பற்றி என்ன தெரியும்’ என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். எழுதட்டும். கிராம்பு எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரியும், இந்தக் கேள்விக்கு அதுதான் முக்கியம். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தே வயதாகிவிட்டது. பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துச் சொத்தைப் பல்லில் வைத்தால் சற்று நேரத்தில் வலி அடங்கும். சொத்தை அப்படியேதான் இருக்கும். அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால் என்ற பொருள். அது நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கும்போது துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைப்பதும் இதைத்தான். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வரும் வாசனை அது.

கிராம்பு சிகரெட்டைப் பற்ற வைத்தால் இந்த யூஜினால் புகையோடு சேர்ந்து உங்கள் தொண்டைக்குப் போகிறது. தொண்டை மரத்துப்போகிறது. புகை மென்மையானதாகிவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டிய நரம்புக்குப் பேச்சு நின்றுவிட்டது.

என் தங்கை மாப்பிள்ளை மலேசியாவில், ஜோகூர் பக்கம் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வரும்போது இந்தச் சிகரெட்டைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வருவார். “மச்சான், இது மருந்து. ஆஸ்துமாக்காரர் ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார்” என்பார். கதை அவர் கட்டியதில்லை. ஜாவாவில் குடுஸ் என்ற ஊரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஹாஜி ஜம்ஹாரி என்பவர் நெஞ்சுவலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவிப் பார்த்து, அதன் பிறகு கிராம்பைப் புகையிலையோடு சுருட்டிப் புகைத்தார் என்று இந்தோனேசியாவில் பரவலாகச் சொல்கிறார்கள். கிரெடெக் என்று அவர்கள் அழைக்கும் இந்தச் சிகரெட்டை முதலில் மருந்து என்றே விற்றார்கள் என்பதும் உண்டு. விற்றவர் சொன்னதை வைத்து மருந்து என்று முடிவு கட்டினால் என் கடையில் பாதி அலமாரி போதும்.

அவரோடு வாதாடிப் பயனில்லை என்று, ஒரு நாள் திண்ணையில் தினசரித் தாளை விரித்து, அவருடைய சிகரெட் ஒன்றையும் பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண சிகரெட் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கீறிப் பிரித்தேன். சாதாரண சிகரெட்டில் வெளிர்ப் பழுப்பாகப் புகையிலைத் தூள், வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருடையதில் அதே புகையிலை கொஞ்சம் கருத்து, பிசுபிசுவென்று இருந்தது. நடுவே காப்பித்தூள் நிறத்தில் நொறுங்கிய கிராம்புத் துணுக்குகள். டீ வடிகட்டியில் தட்டித் தட்டிப் பிரித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிராம்பு. மிச்சம் முழுக்கப் புகையிலை. பொதுவாகவே இந்தச் சிகரெட்டுகளில் அறுபது எழுபது சதவீதம் புகையிலையும் மீதி கிராம்புமாகத்தான் இருக்கும். அது போக, உள்ளே ஒரு வாசனைக் குழம்பு தெளித்திருப்பார்கள். பிசுபிசுப்பு அதனால்தான். உதட்டில் வைக்கும் முனைத் தாளை நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தித்தித்தது. “இதுவும் மருந்தா மாப்பிள்ளை?” என்றேன். சிரித்துவிட்டு இன்னொன்றைப் பற்ற வைத்தார்.

ஆனால் அவரிடம் ஒரு நல்ல கேள்வி இருந்தது. “மூன்றில் ஒரு பங்கு கிராம்பு என்றால் நிகோட்டினும் அந்த அளவுக்குக் குறையத்தானே வேண்டும்?” கணக்கு சரி. 2003இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையிலும் அப்படித்தான் தொடங்கியது: கிராம்பு சிகரெட்டின் புகையிலையில் 7.4 மில்லிகிராம் நிகோட்டின், வழக்கமான சிகரெட்டில் 13 மில்லிகிராம். கிட்டத்தட்டப் பாதி. பிறகு புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் இரண்டையும் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஏறிய நிகோட்டின் இரண்டிலும் ஒரே அளவு. எப்படி? வழக்கமான சிகரெட்டை ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், ஒன்பது இழுப்புகளில் முடித்தவர்கள், கிராம்பு சிகரெட்டை ஒன்பது நிமிடம் வைத்துக்கொண்டு பதினைந்து இழுப்பு இழுத்திருக்கிறார்கள். உடம்பு தனக்குப் பழகிய அளவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எரிச்சல் தடுக்காதபோது அது இன்னும் சுலபம். நிகோட்டினுக்காகக் கூடுதலாக இழுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகின்றன. கிராம்பும் எரிகிற பொருள்தான், அதன் புகையிலும் இவை உண்டு.

சாப்பிடுகிற பொருள்தானே, பிரியாணியில் போடுகிறோமே என்று கேட்பவர்களுக்கு: வயிற்றுக்குள் போகும் கிராம்பை ஈரல் பார்த்துக்கொள்ளும். நெருப்பில் எரிந்து நேராக நுரையீரலுக்குள் போவதற்கு அந்த வசதி கிடையாது.

இப்போது இருமல். அதைத் தொல்லை என்று நினைக்கிறோம். அது வாசலில் குரைக்கும் நாய். சாப்பாட்டுத் துணுக்கோ சளியோ தவறிப்போய் மூச்சுக்குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தால் அதுதான் விரட்டுகிறது. சளி பிடித்த நேரத்தில் அந்த நாயைத் தூங்க வைத்தால் என்ன ஆகும்?

என் மாப்பிள்ளை அதைத்தான் செய்தார். ஒரு கார்த்திகை மாதம், மழை விடாமல் கொட்டிய சமயம், சளியும் காய்ச்சலும் பிடித்தது. சாதாரணச் சிகரெட் என்றால் அந்தத் தொண்டையோடு இழுக்க முடிந்திருக்காது. இவருக்கு இது இதமாக இருந்ததாம், இருமல் அடங்குகிறதாம், அதனால் வழக்கத்தை விடக் கூடுதலாகவே பிடித்தார். தங்கை போனில், “அண்ணே, இருமலே இல்லை, ஆனால் படுத்தால் மூச்சு வாங்குகிறது” என்றாள். போய்ப் பார்த்தேன். விலா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கார் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் வலது பக்கக் கீழ் நுரையீரல் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. மருத்துவர் “சிகரெட் உண்டா?” என்று கேட்டதற்கு, அந்த நிலையிலும், “இல்லை சார், கிராம்புதான்” என்றார் மாப்பிள்ளை. மருத்துவர் ஏதோ வெற்றிலை பாக்கோடு கிராம்பு மெல்லுகிறவர் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் குறுக்கிட்டுப் பாக்கெட்டை எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது.

அந்தச் சிகரெட்தான் காரணம் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. மழைக்காலத்தில் யாருக்கும் நிமோனியா வரலாம். ஆனால் 1980களில் அமெரிக்க இளைஞர்களிடையே இந்தச் சிகரெட் பரவியபோது, புகைத்த சிலருக்குத் திடீரென்று கடுமையான நுரையீரல் பாதிப்பு வந்து, 1985இல் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் அதை வெளியிட்டது. அவர்களில் பலருக்கு அதற்குச் சற்று முன்புதான் சாதாரண சளிக்காய்ச்சல் வந்திருந்தது. தொண்டை மரத்ததால் புரையேற வேண்டியது புரையேறாமல் உள்ளே இறங்கியிருக்கலாம் என்பது மருத்துவர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. அவர்களும் ‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னார்கள், நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உலக வர்த்தக அமைப்பே கிராம்பு சிகரெட்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது என்று ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். சொன்னது உண்மை. 2009இல் அமெரிக்கா வாசனைச் சிகரெட்டுகளைத் தடை செய்தபோது மெந்தாலை மட்டும் விட்டுவிட்டது. கிராம்பைத் தடுத்து உங்கள் ஊர் மெந்தாலை விடுவது பாரபட்சம் என்று இந்தோனேசியா வழக்குப் போட்டு 2012இல் வென்றது. இரண்டும் ஒரே ரகம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கிராம்பு சாதுவானது என்று அதில் இல்லை.

மெந்தாலும் ஏறக்குறைய இதே வேலைதான். குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிட்டு எரிச்சலை மறைக்கிறது. மூலிகை சிகரெட்டில் புகையிலை இல்லையென்றால் நிகோட்டின் இருக்காது. துளசியானாலும் எரித்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். வாசனை பீடி பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பீடி இலையில் காற்று எளிதில் புகாது, அணையாமல் இருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டும். மாம்பழ வாசனை சேர்த்தாலும் அந்த இழுப்பு குறையாது.

வேறொரு வயிற்றெரிச்சலையும் இங்கே கொட்டிவிடுகிறேன். கடல் கடந்து வந்த பொருள் என்றால் நம் ஊரில் எதையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். இதே சொந்தக்காரர்கள் என் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கும்போது மட்டும் காலாவதி தேதியை மூன்று முறை திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு அடக்க விலைக்குக் கேட்பார்கள். கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த பொங்கல்தான். தங்கை வீட்டுக் கணக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. போகட்டும்.

நீங்கள் கல்லூரியில் படிப்பவர் என்று ஊகிக்கிறேன். விடுதியில் யாருக்காவது சளி பிடித்திருந்தால் அந்தப் பாக்கெட்டை அவர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சளியில் இரத்தமோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், ‘கிராம்பு கலந்த புகையிலை சிகரெட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். நம் ஊரில் முறைப்படி விற்கும் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும், விட நினைப்பவர்கள் அழைப்பதற்கு ஓர் இலவச எண்ணும் இருக்கும். உங்கள் நண்பர் கொண்டு வந்ததில் அந்த எண் இருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்: 1800-11-2356.